உயிரோடு வைப்பது வேறு, மாறாமல் வைப்பது வேறு

1922இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தொண்டை அடைப்பான் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒருவரின் மலத்திலிருந்து ஈ.கோலை பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குக் கே-12 என்று பெயரிட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வளர்த்துவந்தார்கள். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து எட்வர்ட் டேட்டம் அதைத் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். பிறகு உலகத்து ஆய்வகங்களெல்லாம் அதன் வாரிசுகளால் நிறைந்தன. மரபணுக்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த வம்சத்தை வைத்துக் கற்றவைதான்.

ஆனால் இன்றைய கே-12ஐ மனிதக் குடலுக்குள் விட்டால் அங்கே அது நிலைத்துத் தங்காது. மனிதக் குடலிலிருந்து வந்த கிருமிக்கே இந்த நிலை. ஈ.கோலையின் வெளிச்சுவரில் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கும். குடலில் அதற்குக் கவசம் அவைதான். கே-12இல் அந்தச் சங்கிலி இல்லை. அதைக் கட்டும் மரபணுத் தொகுதி ஆய்வகத்தில் வளர்ந்த காலத்தில் உடைந்துபோயிருக்கிறது. கே-12இன் இரண்டு கிளைகளில் இரண்டு வெவ்வேறு விதமாக உடைந்திருக்கிறது என்பது பின்னாளில் தெரியவந்தது.

யாரும் அதைக் கெடுக்கவில்லை. பாதுகாத்துத்தான் வைத்திருந்தார்கள். அன்று பாதுகாப்பு என்றால் அகர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து, அவ்வப்போது புதுக் குழாய்க்கு மாற்றுவது. கிருமி சாகாமல் இருக்க அது போதும். அதே கிருமியாக இருக்க அது போதாது.

சாய்த்து உறைய வைத்த அகர்

அகர் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள். 1880களின் தொடக்கத்தில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே சொன்ன யோசனையால் அது கிருமி வளர்ப்புக்கு வந்தது. அதுவரை பயன்பட்ட ஜெலட்டின் 37 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பல பாக்டீரியாக்கள் அதைத் தின்று கரைத்தும்விடும். அகருக்கு இந்த இரண்டு குறைகளும் இல்லை. கொதிநிலையை நெருங்கினால்தான் உருகும். ஆறினால் சுமார் 40 டிகிரிக்குக் கீழே உறையும். மிகச் சில பாக்டீரியாக்களைத் தவிர வேறெதுவும் அதைச் செரிக்காது.

சாய்வுக் குழாயைத் தயாரிக்க, ஒரு லிட்டர் சத்துநீருக்கு 15 கிராம் அகர் போட்டுக் காய்ச்சுவார்கள். ஒவ்வொரு குழாயிலும் ஐந்தாறு மில்லி ஊற்றி, தளர்வாக மூடி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கால் மணி நேரம் வைப்பார்கள். வெளியே எடுத்ததும் குழாய்களைச் சாய்த்துக் கிடத்திவிட்டால் அகர் சாய்வாக உறையும். சாய்ப்பதால் சிறிய குழாய்க்குள்ளேயே பரந்த மேற்பரப்பு கிடைக்கிறது. அடியில் திரண்டிருக்கும் அகர் ஈரத்தைத் தாங்கி நிற்கிறது. தட்டையான பெட்ரி தட்டைப் போல இது சில வாரங்களில் காய்ந்துபோகாது. வாய் குறுகலாக இருப்பதால் காற்றில் வரும் பூஞ்சைக்கும் வழி குறைவு.

தீயில் பழுக்கவைத்து ஆறவிட்ட லூப் கம்பியால் கிருமியைத் தொட்டு, சாய்வின் அடியிலிருந்து மேல்நோக்கிக் கோடு இழுப்பார்கள். ஈ.கோலையானால் ஓர் இரவு 37 டிகிரியில் இருந்தால் போதும். சாய்வு முழுவதும் வெண்மையாகப் படர்ந்திருக்கும். பிறகு மூடியை இறுக்கி 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். குளிரில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால் சத்து மெதுவாகத் தீரும். இப்படி வைத்த குழாயை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றினால் வம்சம் தொடரும். இன்னும் நீண்ட காலம் வைக்க வேண்டுமானால், சூடேற்றிக் கிருமி நீக்கிய பாரஃபின் எண்ணெயைச் சாய்வின் உச்சி மூழ்கி, அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி ஊற்றுவார்கள். அகர் உலராது, ஆக்சிஜனும் குறையும். பல வகைகள் இந்த முறையில் ஆண்டுக் கணக்கில் தாங்கும். எல்லாக் கிருமிக்கும் ஃப்ரிட்ஜ் ஒத்துவராது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் குளிரிலேயே செத்துவிடும்.

செலவு குறைவு, மின்சாரம் போனாலும் ஒரு நாள் தாங்கும், எந்தச் சிறிய ஆய்வகத்திலும் செய்யலாம். குறை ஒன்றுதான்: குழாய்க்குள் கிருமி வாழ்ந்துகொண்டிருக்கிறது.

வாழ்ந்தால் மாறும்

நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதைப் போலத்தான் இந்த மாற்றுகையும். உறை ஊற்றும் ஒவ்வொரு முறையும் கரண்டியில் வந்த கிருமிகள் பல மடங்காகப் பெருகித்தான் குழாயை நிரப்புகின்றன.

லூப்பில் பத்து லட்சம் செல்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். அவை நூறு கோடியாக வேண்டுமானால் ஆயிரம் மடங்கு பெருக வேண்டும். அதாவது பத்து தலைமுறை. மாதம் ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 120 தலைமுறை. இருபது ஆண்டில் 2,400. கே-12 சரியாக இத்தனை தலைமுறையைக் கடந்தது என்று சொல்லவில்லை. பெருக்கம் எந்த அளவில் நடக்கும் என்பதைக் காட்டும் கணக்கு இது.

ஈ.கோலை ஒருமுறை பிரியும்போது சுமார் ஆயிரத்தில் ஒரு செல்லில் மரபணு எழுத்து ஒன்று தவறிப்போகும். கேட்கச் சொற்பமாகத் தெரியும். ஆனால் குழாயில் நூறு கோடி செல்கள் இருக்கின்றன. கடைசிப் பிரிவில் மட்டுமே பத்து லட்சம் புதிய பிழைகள் உண்டாகியிருக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் மறையும். குழாய் வாழ்க்கைக்கு வசதியானது ஒன்று வந்துவிட்டால் மட்டும், அடுத்தடுத்த மாற்றுகைகளில் அதுவே பெருகிவிடும். குடலில் கவசமாக இருந்த சர்க்கரைச் சங்கிலி குழாயில் வெறும் செலவு. அதை இழந்த செல்லுக்கு அங்கே எந்தத் தண்டனையும் இல்லை.

மாற்றாமல் அப்படியே விட்டால் தப்பிக்கலாமா என்றால், அதுவும் இல்லை. ஹார்வர்டில் ராபர்ட்டோ கோல்ட்டரின் குழு 1993இல் வெளியிட்ட சோதனையைப் பார்க்கலாம். சத்துத் தீர்ந்த திரவத்தில் பத்து நாள் கிடந்த ஈ.கோலையையும், ஒரு நாளே ஆன அதே ஈ.கோலையையும் கலந்துவைத்தார்கள். பழையது புதியதை ஓரங்கட்டிவிட்டது. அந்தப் பத்து நாளில், செத்த செல்களின் எச்சத்தைத் தின்று பெருகத் தெரிந்த ஒரு மாற்றுரு உள்ளே தலையெடுத்திருந்தது. பட்டினிக் காலத்தில் செல்லைச் சிக்கனமாக நடத்தும் கட்டுப்பாட்டு மரபணு ஒன்று அதில் பழுதாகியிருந்தது. ஆக, வளர்ச்சி நின்றுவிட்டதாகத் தோன்றும் குழாய்க்குள்ளும் போட்டி ஓயவில்லை.

பனி ஏன் கொல்கிறது

மாற்றத்தை நிறுத்த வேண்டுமானால் செல் பிரிவதையே நிறுத்த வேண்டும். உறையவைத்தால் அது நிற்கும். ஆனால் வெறும் திரவத்தில் உறையவைத்தால் பெரும்பாலான செல்கள் செத்துப்போகும்.

குளிரைவிடப் பனிக்கட்டிதான் இங்கே எமன். நீர் பனியாகும்போது உப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. செல்லுக்கு வெளியே பனி வளர வளர, மிஞ்சிய கொஞ்ச நீரில் உப்பு செறிந்துகொண்டே போகும். அந்தச் செறிந்த உப்புநீர் செல்லிலிருந்து நீரை உறிஞ்சும், செல் சுருங்கும், அதன் மெல்லிய சவ்வு குலையும். மிக வேகமாக உறையவைத்தாலோ நீர் வெளியேற நேரமில்லாமல் செல்லுக்குள்ளேயே பனி உண்டாகிவிடும். இரண்டில் எது நடந்தாலும் செல்லுக்குச் சேதம்தான்.

இதற்கு மருந்து 1949இல் லண்டனில் கிடைத்தது. கிறிஸ்டோஃபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுபடவில்லை. ஒருநாள் ஒரு பாட்டிலில் இருந்ததைப் பயன்படுத்தியபோது விந்தணுக்கள் உருகியபின் நீந்தின. பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சோதித்துப் பார்த்தால் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் முட்டைப் புரதமும் இருந்தன. லேபிள் மாறிப்போயிருந்தது.

கிளிசரால் மருந்துக் கடையில் கிளிசரின் என்று விற்கும் அதே கெட்டித் திரவம்தான். அது செல்லுக்குள் புகும். நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் எந்தக் குளிரிலும் உண்டாகும் பனியின் அளவு குறைகிறது, உப்பு செறிவதும் மட்டுப்படுகிறது. வெப்பம் மேலும் இறங்கும்போது மிச்சத் திரவம் இறுகி அசையாமல் நின்றுவிடுகிறது. செல்லின் உள்வேலைகள் அங்கேயே உறைந்து நிற்கின்றன.

ஒரு ஸ்டாக் தயாராகும் விதம்

முதல் வேலை தூய்மை பார்ப்பது. கிருமியை அகர் தட்டில் கோடிட்டு வளர்த்து, எல்லாக் குவியல்களும் ஒரே வடிவம், ஒரே நிறம்தானா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரே மாதிரியான நான்கைந்து குவியல்களைத் தொட்டு ஐந்து மில்லி சத்துநீரில் விடுவார்கள். ஒரே குவியலிலிருந்து எடுத்தால், அது தற்செயலாக மாற்றுருவாக இருந்துவிடக்கூடும். அப்போது ஸ்டாக் முழுவதும் அதுவாகிவிடும். ஓர் இரவு 37 டிகிரியில் குலுக்கி வளர்த்தால் திரவம் பால் போலக் கலங்கும்.

கிளிசராலும் நீரும் சமமாகக் கலந்து ஆட்டோகிளேவில் வைத்த 50 சதவீதக் கரைசல் முன்பே தயாராக இருக்கும். இரண்டு மில்லி பிளாஸ்டிக் குப்பியில் அரை மில்லி கரைசலும் அரை மில்லி வளர்ப்பும் சேர்த்தால் கிளிசரால் 25 சதவீதமாகும். 15 முதல் 25 வரை எதுவும் சரி. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, கலக்காமல் விடுவது. கிளிசரால் கனமானது, அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் செல்கள் பாதுகாப்பில்லாமல் உறையும். குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நெளிநெளியாகக் கோடுகள் தெரியும். அவை மறையும்வரை தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்க வேண்டும்.

பெயர், தேதி, எத்தனையாவது மாற்றுகை என்பதைக் குளிரிலும் அழியாத மையால் குப்பியின் உடம்பில் எழுதி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்பார்கள். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறும்போது பெயரும் மாறிவிடும். மறுநாள் ஒரு குப்பியை எடுத்துத் தட்டில் கோடிட்டு, உயிர் இருக்கிறதா, தூய்மையாக இருக்கிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது.

மைனஸ் 80 எதற்கு, மைனஸ் 20 போதாதா? மைனஸ் 20இல் இந்தக் கலவையின் ஒரு பகுதி திரவமாகவே இருக்கும். அதில் வேதிவினைகள் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். சிறு பனித்துகள்கள் சேர்ந்து பெரிதாகும். மாதக்கணக்கில் தாங்கும், பல ஆண்டு என்றால் செல்கள் குறைந்துகொண்டே போகும். வீட்டில் இருக்கும் தானே பனி நீக்கும் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் இன்னும் மோசம். பனியைக் கரைக்க அது அவ்வப்போது சூடேறி இறங்கும்.

குப்பியைப் பயன்படுத்தும்போது உருகவிடக் கூடாது. உலர்பனியின் மேல் வைத்து, மேற்பரப்பை லூப்பால் சுரண்டி, ஒரு துளியைத் தட்டில் தேய்த்துவிட்டு உடனே திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை உருகி உறையும்போதும் ஒரு பகுதி செல்கள் சாகும். நீண்ட மின்வெட்டு எல்லாக் குப்பியையும் உருக்கிவிடும். ஆகவே அதே ஸ்டாக்கின் இன்னொரு வரிசையை வேறொரு மின்இணைப்பிலுள்ள ஃப்ரீசரில் வைப்பது வழக்கம்.

உறைந்த முன்னோர்கள்

இந்த இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே சோதனையில் காணலாம். 1988 பிப்ரவரி 24 அன்று ரிச்சர்ட் லென்ஸ்கி, ஒரே ஈ.கோலையிலிருந்து பன்னிரண்டு குடுவைகளைத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் குடுவையிலிருந்து நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புதிய திரவத்தில் விடுவார்கள். நாளொன்றுக்குச் சுமார் 6.6 தலைமுறை அளவுக்கு வளரும். மாற்றிக்கொண்டே இருந்தால் கிருமி எப்படி மாறும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அதாவது, சாய்வுக் குழாயில் வேண்டாமலேயே நடப்பதை இங்கே வேண்டுமென்றே நடத்தினார்கள்.

கூடவே, 500 தலைமுறைக்கு ஒருமுறை, ஏறத்தாழ 75 நாளுக்கு ஒருமுறை, எல்லாக் குடுவையிலிருந்தும் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80இல் உறையவைத்தார்கள். அதனால் கொள்ளுத்தாத்தாவை எழுப்பிப் பேரனோடு ஒரே குடுவையில் போட்டியிட வைக்க முடிந்தது. இருவரையும் பிரித்தறிய ஒரு அடையாளம் வைத்திருந்தார்கள்: குறிப்பிட்ட தட்டில் ஒருவர் சிவப்புக் குவியலாகவும் மற்றவர் வெள்ளையாகவும் வளர்வார்கள். 20,000 தலைமுறைக்குள் பேரர்கள் முன்னோரைவிடச் சுமார் 70 சதவீதம் வேகமாக வளரக் கற்றிருந்தார்கள்.

சுமார் 31,500ஆவது தலைமுறையில் ஒரு குடுவை மட்டும், ஆக்சிஜன் இருக்கும்போதே சிட்ரேட்டைத் தின்னத் தொடங்கியது. சாதாரண ஈ.கோலையால் அது முடியாது. இது குருட்டு அதிர்ஷ்டமா, அல்லது முன்பே ஏதோ ஒரு மாற்றம் வழியமைத்திருந்ததா என்ற கேள்வி எழுந்தது. ஸாக்கரி பிளவுண்ட் அந்தக் குடுவையின் பல்வேறு காலத்து உறைந்த செல்களை எழுப்பி, அங்கிருந்து மீண்டும் வளர்த்துப் பார்த்தார். 20,000ஆவது தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டுமே அந்தத் திறன் மறுபடி வாய்த்தது, முந்தையவற்றுக்கு வரவேயில்லை. வழியமைத்த மாற்றம் வெகு காலம் முன்பே நடந்திருந்தது என்பதற்கு 2008இல் வெளிவந்த சான்று இது. குப்பிகள் இல்லையென்றால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக ஆய்வகம் மூடியபோது மொத்தச் சோதனையையும் ஃப்ரீசரில் வைத்து நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

மருத்துவமனை ஆய்வகத்தில்

சாய்வுக் குழாய் ஒழிந்துவிடவில்லை. மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று பார்க்கும் மருத்துவமனை ஆய்வகங்களில் இரண்டும் ஒன்றாக வேலை செய்கின்றன. சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, பண்பு நன்கு தெரிந்த ஒரு கிருமியை வைத்திருப்பார்கள். அதன் அசல் மைனஸ் 80இல் இருக்கும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு தட்டும், தட்டிலிருந்து சாய்வுக் குழாயும் தயாரிப்பார்கள். வாரம் ஒருமுறை குழாயிலிருந்து புதுத் தட்டு, அதிலிருந்து அன்றாட வேலை. நான்காம் வாரம் குழாயைத் தூக்கிப்போட்டு மறுபடி குப்பிக்குப் போவார்கள். ஓட்டம் எப்போதும் ஒரே திசையில்தான்: அன்றாடத் தட்டிலிருந்து குழாய்க்கோ குப்பிக்கோ திரும்பிப் போகக் கூடாது.

இதைக் கடைப்பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏடிசிசி 35218 என்ற ஈ.கோலை நல்ல உதாரணம். அதில் ஒரு பிளாஸ்மிட், அதாவது தனியாகச் சுழலும் சிறு டிஎன்ஏ வளையம் இருக்கிறது. பென்சிலின் வகை மருந்துகளை உடைக்கும் நொதியை அதுதான் தயாரிக்கிறது. அந்த நொதியை அடக்கும் கிளாவுலானிக் அமிலம் மருந்துவில்லையில் கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்கவே இந்தக் கிருமியை வைத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜிலோ, மைனஸ் 60க்கு மேலான ஃப்ரீசரிலோ வைத்துத் திரும்பத் திரும்ப வளர்த்தால் சில செல்கள் பிளாஸ்மிட்டைத் தொலைத்துவிடும். பிறகு அவையே பெருகும்.

கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தட்டில் அதே வெள்ளைக் குவியல்கள்தான். ஆனால் 10 மைக்ரோகிராம் ஆம்பிசிலின் வில்லையை வைத்தால் தெரிந்துவிடும். வில்லையின் அகலம் 6 மில்லிமீட்டர். நொதி இருந்தால் கிருமி வில்லையின் விளிம்புவரை வளர்ந்திருக்கும். அளவு 6 என்றே வரும். வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றினால் பிளாஸ்மிட் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகும் அந்தக் கிருமியை வைத்துச் சோதித்தால், கிளாவுலானிக் அமிலம் வீணாகிப்போன வில்லையும் நல்ல வில்லையைப் போலவே தேர்ச்சி பெறும். ஏனென்றால் அடக்குவதற்கு அங்கே நொதியே இல்லை. கெட்டுப்போனது வில்லையா, கிருமியா என்ற சந்தேகம்கூட யாருக்கும் வராது.

இந்த ஆம்பிசிலின் சோதனையைக் குழாய் தயாராகும் நாளில் செய்வதைவிட, குப்பிகளை உறையவைக்கும் நாளிலேயே செய்வது இன்னும் முக்கியம். குழாயில் தவறு இருந்தால் மாதக் கடைசியில் அது குப்பைக்குப் போய்விடும். குப்பியில் உள்ளது பிளாஸ்மிட் இல்லாத கிருமியோ, கலப்பட வளர்ப்போ ஆக இருந்தால், ஃப்ரீசர் அதையும் அதே விசுவாசத்தோடு பத்து ஆண்டுகளுக்குக் காப்பாற்றித் தரும்.